வேலை இல்லாத மூன்றாம் ஆண்டில் அப்பாவிடம் என்ன பேசுவது?

கேள்வி:

"பட்டப்படிப்பு முடித்து இரண்டரை ஆண்டு ஆகிறது. இன்னும் வேலை இல்லை. ஆரம்பத்தில் தினமும் விண்ணப்பித்தேன், இப்போது வாரத்துக்கு ஒன்று அனுப்பினாலே அதிகம். அப்பா வேலைக்குக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் அறையை விட்டு வெளியே வருகிறேன். போனுக்கு ரீசார்ஜ் செய்யக்கூட அவரிடம்தான் கை நீட்ட வேண்டும். அம்மா 'ஏதாவது பதில் வந்துச்சா?' என்று கேட்டால் எரிந்து விழுகிறேன். அப்புறம் ராத்திரி முழுக்க அதையே நினைத்துக் கிடக்கிறேன். நண்பர்களின் அழைப்புகளையும் எடுப்பதில்லை. அப்பா, அம்மா இருவரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை, அதுதான் இன்னும் குத்துகிறது. இதிலிருந்து எப்படி வெளியே வருவது?"

— வாசகர், வயது 25

பதில்:

அப்பா கிளம்பும் வரை அறைக்குள் இருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். வேலை தேடும் முறையைப் பற்றிப் பின்னால் பேசலாம். இந்த ஒளிதல் சரியாகாமல் அதைப் பேசிப் பயனில்லை.

ஒரு தப்பு செய்துவிட்டோம் என்று மனம் உறுத்தினால், போய் அதைச் சரி செய்யத் தோன்றும். மன்னிப்புக் கேட்போம், ஈடு செய்வோம். ஆனால் 'நானே ஒரு தப்பு' என்று தோன்றிவிட்டால் சரி செய்ய எதுவும் இருப்பதில்லை. அப்போது மனம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: யார் கண்ணிலும் படாதே. நீங்கள் இருப்பது இந்த இரண்டாவது நிலையில். இது உங்கள் குணக்கேடு இல்லை. அவமானம் என்ற உணர்வு வேலை செய்யும் விதமே அப்படித்தான். ஒளிந்த உடனே கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். அப்பா போய்விட்டார், அப்பாடா. அந்தச் சின்ன நிம்மதிக்காகவே மறுநாளும் ஒளிவோம். நாளாக ஆக, சாதாரணமாக எதிரே போய் நிற்பதே பெரிய காரியமாகத் தெரியத் தொடங்கும்.

மற்ற பிரச்சினைகளில் ஒளிந்தால் மனம்தான் கெடும். வேலை தேடுகிறவர் ஒளிந்தால் தேடலும் கெடும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களிடம், தகவல் சொன்ன அந்த நபரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். 1973இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, அடிக்கடி பார்க்கும் நெருங்கியவர் மூலம் வேலை பெற்றவர்கள் சுமார் 17 சதவீதம் பேர்தான். மற்ற எல்லாருக்கும் தகவல் வந்தது எப்போதாவது, அல்லது அரிதாகப் பார்க்கும் ஆட்களிடமிருந்து. யோசித்தால் புரியும். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாத இடத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் தள்ளி இருப்பவர்கள்: பழைய வகுப்புத் தோழர், இரண்டு வருடம் மூத்த மாணவர், ஒரு காலத்தில் பாடம் எடுத்த ஆசிரியர், அப்பாவோடு வேலை பார்ப்பவர். அவமானம் முதலில் வெட்டிவிடுவது இவர்களைத்தான். நீங்கள் எடுக்காமல் விட்ட அழைப்புகளில் எத்தனை இந்த வகை என்று ஒருமுறை போனைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது, தினமும் விண்ணப்பித்தவர் வாரத்துக்கு ஒன்று என்று ஆனது. சோம்பேறி ஆகிவிட்டோம் என்று நினைத்துக் கொண்டிருப்பீர்கள். அப்படி இல்லை என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன், என் தொழிலில் நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்டால் என்று ஒரு சிற்றூர். ஒரே ஒரு துணி ஆலையை நம்பி வாழ்ந்த ஊர் அது. பொருளாதார வீழ்ச்சியில் ஆலை மூடப்பட்டு, கிட்டத்தட்ட ஊரே வேலை இழந்தது. 1930களின் தொடக்கத்தில் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் கொண்ட குழு அங்கே போய் மக்களைக் கூர்ந்து கவனித்தது. இப்போது எல்லாருக்கும் நேரம் நிறைய இருக்கிறதே, படிப்பார்கள், கூடுவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஜன்னலுக்குப் பின்னால் நின்று தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்களின் நடை மெதுவாகிவிட்டது, வழியில் அடிக்கடி நின்றார்கள். பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னால், எழுந்தது, மதியம் சாப்பிட்டது, படுத்தது என்பதற்கு மேல் பலருக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் அதே ஊரில், அதே வறுமையில் இருந்த பெண்கள் வேகமாகவே நடந்தார்கள். அவர்களுக்கும் ஆலை வேலை போயிருந்தது. வீட்டு வேலை போகவில்லை. குறித்த நேரத்தில் செய்தே ஆக வேண்டிய ஒன்று அவர்கள் நாளில் மிச்சம் இருந்தது. யஹோடா பிற்காலத்தில் இதை விரித்து எழுதினார். வேலை என்பது சம்பளத்தை மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஒரு சட்டகம் தருகிறது, வீட்டுக்கு வெளியே ஆட்களோடு பழக வைக்கிறது, நாலு பேர் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒரு பங்கு தருகிறது, 'நீ யார்' என்ற கேள்விக்குப் பதில் தருகிறது, ஏதாவது செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தையும் தருகிறது என்றார். உங்கள் அப்பா தரும் பணம் இதில் சம்பளத்தின் இடத்தை மட்டும் ஓரளவு நிரப்புகிறது. மற்றவை காலியாகத்தான் கிடக்கின்றன. அதனால் உங்களுக்குத் தளர்ச்சி வந்திருப்பதில் வியப்பில்லை.

இந்தக் காலி இடங்களில் சிலவற்றை வேலை கிடைப்பதற்கு முன்பே, வீட்டிலேயே நிரப்ப முடியும். அதற்கு வழி பெற்றோரோடு வெளிப்படையாக ஒரு ஏற்பாடு செய்துகொள்வது. எப்படி என்று சொல்ல, என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவரும் உங்களைப் போலவே பட்டதாரி, இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை இல்லை. அம்மாவின் கேள்விதான் தனக்குப் பெரிய சித்திரவதை என்றார். அம்மாவையும் ஒருநாள் அழைத்துப் பேசினேன். அம்மா சொன்னார்: "கேட்டா கோபப்படுறா. கேக்காம இருந்தா, நமக்கு அக்கறை இல்லன்னு நினைச்சுக்குவாளோன்னு பயமா இருக்கு. அதான் நாலு நாள் பொறுத்து ஒரு நாள் கேப்பேன்." மகளுக்கோ அந்தக் கேள்வி எப்போது வரும் என்று தெரியாததால் நாள் முழுக்க உடம்பு விறைப்பாகவே இருந்தது. பாத்திரம் வைக்கும் சத்தத்தில்கூட ஒரு குறை கேட்டது அவருக்கு. இரண்டு பேருக்கும் தகவல்தான் தேவைப்பட்டது. அது வந்து சேர ஒரு நேரம் மட்டும் இல்லை.

அதனால் முதலில் செய்தது, கேள்விக்கு ஒரு நாள் குறித்தது. ஞாயிறு மாலை அரை மணி நேரம். அந்த வாரம் எங்கெங்கே விண்ணப்பித்தேன், என்ன பதில் வந்தது, அடுத்த வாரம் என்ன செய்யப் போகிறேன், இந்த மூன்றையும் மகள் தானாகவே சொல்வார். பதிலுக்கு மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. நல்ல செய்தி வந்தால் மகளே ஓடி வந்து சொல்லப் போகிறார், அது வேறு.

இரண்டாவது, பணம். ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாகக் கேட்பதுதான் அவரை அதிகம் குறுக வைத்தது. தொகையைவிட, கேட்கும் தருணங்களின் எண்ணிக்கைதான் சுட்டது. போன், பயணம், நேர்முகத் தேர்வுக்குப் போகும் செலவு எல்லாம் சேர்த்து ஒரு மாதத்துக்கு என்ன ஆகும் என்று அவரே எழுதிக் காட்டினார். மாதத்தின் முதல் நாள் அந்தத் தொகை மொத்தமாகக் கைக்கு வந்துவிடும். அதற்குள் சமாளிப்பது அவர் பொறுப்பு. இதை எத்தனை மாதம் தொடர்வது என்றும் பேசி, ஆறு மாதம் கழித்து மறுபடி உட்கார்வது என்று ஒரு தேதி குறித்தார்கள். அந்தத் தேதி முக்கியம். முடிவு தெரியாத உதவிதான் வாங்குபவரையும் கொடுப்பவரையும் அரிக்கும்.

இதைக் கடனாக எழுதி வைத்து வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிறேன் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். நான் அதை ஊக்குவிப்பதில்லை. ஏறிக்கொண்டே போகும் ஒரு எண்ணைத் தினமும் பார்ப்பது, ஒளிவதற்கு இன்னொரு காரணம்தான் ஆகும். திருப்பித் தர விரும்பினால் சம்பளம் வந்த பிறகு தாராளமாகச் செய்யலாம்.

மூன்றாவது, வீட்டில் ஒரு வேலை. 'கூட மாட ஒத்தாசை' என்பது சரிப்படாது. முழுசாக உங்கள் பெயரில் ஒரு பொறுப்பு வேண்டும், நீங்கள் செய்யாவிட்டால் அது நடக்காது என்கிற மாதிரி. அந்தப் பெண் எடுத்துக்கொண்டது காலைச் சமையல். அப்பா கிளம்புவதற்கு முன் அது தயாராக வேண்டும் என்பதால் எழும் நேரம் தானாகவே முன்னால் வந்துவிட்டது. உங்களுக்கும் காலையில் செய்யும் வேலை எதுவாவது பொருந்தும். அப்பா வீட்டில் இருக்கும் நேரத்தில் நீங்கள் ஒரு காரியமாக வெளியே நிற்பீர்கள். சும்மா எதிரே போய் நிற்பதைவிட அது எளிது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டு வேலை பெருகிப் பெருகித் தேடும் நேரத்தை விழுங்கிவிடும், பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம் நடக்கிறது. எது உங்கள் பொறுப்பு, எது இல்லை என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

அந்த வீட்டில் முதல் பேச்சு நன்றாகப் போகவில்லை. அப்பா, "என் பொண்ணுக்குக் குடுக்குறதுக்கு ஒப்பந்தம் வேற போடணுமா?" என்று எழுந்து போய்விட்டார். மகளை வேற்று ஆளாக்குவதாக அவருக்குப் பட்டது. இது நடக்கலாம் என்று முன்பே பேசி வைத்திருந்ததால் மகள் உடைந்து போகவில்லை. இரண்டு நாள் கழித்து இப்படிச் சொன்னார்: "நீங்க குடுக்குறதுல குறை இல்லப்பா. ஒவ்வொரு தடவையும் கேக்கும்போது எனக்குத்தான் உள்ள என்னமோ ஆயிடுது. அது குறைஞ்சா தேடுறதுல நல்லா கவனம் வைப்பேன்." அப்பாவுக்கு அது புரிந்தது. முன்கூட்டியே தடங்கல்களை எண்ணிப் பார்ப்பது சும்மா சொல்லும் யோசனை இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1980களில் வேலை இழந்தவர்களுக்கு ஒரு பயிற்சி நடத்திச் சோதித்தார்கள். என்னென்ன தடங்கல் வரும், வந்தால் என்ன செய்வேன் என்று முன்பே யோசித்துப் பழகுவது அதில் ஒரு முக்கியப் பகுதி. அந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கு, பெறாதவர்களைவிட வேலையும் சீக்கிரம் கிடைத்தது, மனமும் குறைவாகவே தளர்ந்தது. எனவே நீங்களும் அப்பா என்ன சொல்லக்கூடும் என்று இரண்டு மூன்று பதில்களை எழுதிப் பாருங்கள். அவர் மௌனமாக இருந்துவிடுவதும் அதில் ஒன்று. உங்கள் வீட்டில் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறது. மௌனமாக இருந்தால், "இந்த ஞாயித்துக்கிழமையே ஆரம்பிக்கிறேன்பா" என்று சொல்லிவிட்டு அப்படியே ஆரம்பித்துவிடுங்கள்.

அவர்கள் திட்டாதது குத்துகிறது என்கிறீர்கள். அந்த மௌனத்தில் நீங்கள் உங்கள் வார்த்தைகளைப் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது கேட்காமல் தெரியாது. கேட்டால் எல்லாம் இனிமையாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. கவலை இருக்கும், ஓய்வு பெறும் காலத்தைப் பற்றிய பயம் இருக்கும், கொஞ்சம் ஏமாற்றமும் இருக்கலாம். அவை நிஜமான அளவில் இருக்கும். இரவில் நீங்கள் கற்பனை செய்யும் அளவில் இருக்காது.

சரி, தேடலுக்கு வருவோம். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். அடுத்த ஆறு வாரம் ஒரு நோட்டில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: அனுப்பிய நாள், என்ன பணி, யார் மூலம் தெரிந்தது, எந்தக் கட்டத்தில் நின்றது. கடைசிப் பகுதிதான் உயிர். பதிலே வராமல் நிற்கிறது என்றால், நீங்கள் குறிவைக்கும் பணிகளோ, விண்ணப்பம் எழுதப்பட்ட விதமோ சரியில்லை. ஒரே விண்ணப்பத்தை எல்லாருக்கும் அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். நேர்முகத் தேர்வு வரை போய் நிற்கிறது என்றால் தாளில் குறையில்லை, பேசுவதில்தான் பயிற்சி வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. 'எனக்கு வேலை கிடைக்கவில்லை' என்று மொத்தமாக நினைக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, குறை முழுக்க நம் மேல்தான் என்று தோன்றிவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கும் இந்த நோட்டே போதும்.

இரண்டரை ஆண்டு இடைவெளியைப் பற்றிய பயம் உங்கள் விண்ணப்பங்களைக் குறைத்திருக்கும். அதில் உண்மை உண்டு, மறைக்கமாட்டேன். அமெரிக்காவில் கற்பனையான சுயவிவரங்களைப் பல ஆயிரக்கணக்கில் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. வேலையில்லாத காலம் நீள நீள அழைப்புகள் குறைந்தன. ஆனால் அந்தச் சரிவு பெரும்பாலும் முதல் எட்டு மாதங்களில் நடந்து முடிந்தது, அதற்குப் பின் பெரிதாகக் குறையவில்லை. எல்லா நாட்டுக்கும் எல்லாத் துறைக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 'ஒவ்வொரு மாதமும் இன்னும் மோசமாகிறேன்' என்ற கணக்கு உங்கள் மனதில் ஓடினால், அது சரியான கணக்கு இல்லை. சுயவிவரத்தில் அந்த இடைவெளியை மறைக்கவும் வேண்டாம், பத்தி பத்தியாக விளக்கவும் வேண்டாம். என்ன கற்றீர்கள், எதைச் செய்து பார்த்தீர்கள் என்று உண்மையான ஒரு வரி போதும். எழுத எதுவும் இல்லை என்றால், அந்த ஒரு வரிக்காகவே அடுத்த இரண்டு மாதத்தில் ஒரு சிறு வேலையையோ பகுதி நேரப் பணியையோ எடுத்துக்கொள்வதை நான் ஆதரிப்பேன், தேடுவதற்கு மணி நேரங்கள் மிஞ்சும் பட்சத்தில்.

ஒதுக்கி வைத்த நண்பர்களை எப்படித் திரும்ப அழைப்பது என்று தயங்குவீர்கள். நீண்ட விளக்கம் எதுவும் தேவையில்லை. "கொஞ்ச நாளா யாரோடயும் பேசல. இன்னும் வேலை தேடிட்டுதான் இருக்கேன். உங்க பக்கம் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க." அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு பேருக்கு அனுப்புங்கள், ரொம்ப நெருக்கம் இல்லாதவர்களிலிருந்து தொடங்குங்கள். அவர்களிடம் கூச்சமும் குறைவு, கிரானோவெட்டர் சொன்னபடி பயனும் அதிகம்.

ஒரு விஷயத்தை நான் கேட்டே ஆக வேண்டும். ராத்திரி தூக்கம் வராததைச் சொன்னீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாள் முழுக்க மனம் இருண்டே கிடக்கிறதா? முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்காமல் போயிருக்கிறதா? அதோடு தூக்கம், பசி, கவனம் இவையும் கெட்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வேலை இல்லாதவர்களிடம் இது அபூர்வம் இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வந்த ஒரு கணக்கில், வேலையில் இருப்பவர்களில் 16 சதவீதம் பேருக்கும், இல்லாதவர்களில் 34 சதவீதம் பேருக்கும் மனநலப் பிரச்சினைகள் இருந்தன. அப்படி இருந்தால் மேலே சொன்ன ஏற்பாடுகளோடு நிறுத்தாமல் மருத்துவரையோ மனநல நிபுணரையோ நேரில் பாருங்கள், மருந்தும் பேச்சு சிகிச்சையும் பலன் தரும். செத்துப் போனால் இவர்களுக்குப் பாரம் குறையும் என்ற எண்ணம் எப்போதாவது வந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அப்பாவையோ அம்மாவையோ எழுப்பியாவது சொல்லுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த எண்ணம் சொல்லும் கணக்கு முழுப் பொய். பிள்ளையை இழந்த பெற்றோரோடு பேசியிருக்கும் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அம்மாவிடம் எரிந்து விழுந்ததற்கு நீங்கள் நேராகவே மன்னிப்புக் கேட்கலாம். ஏற்பாட்டை முதலில் அவரிடமே சொல்லுங்கள், அப்பாவிடம் எப்போது பேசினால் நல்லது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். எத்தனை விண்ணப்பம் போனது, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நின்றது என்ற அந்த நோட்டுக் கணக்கையும் சேர்த்து அனுப்பினால், அடுத்து எதை மாற்றலாம் என்று பார்ப்போம்.